அம்மாவின் முதுகில் எழுதப்படாத பதினாறு நாட்கள்

பிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1820-இல் பிறந்த நாளான மே 12 அன்று தங்கள் செவிலியர்களைப் பாராட்ட விரும்பிய மருத்துவமனை நிர்வாகம், அங்கே சிகிச்சை பெற்ற குடும்பங்களில் யாரேனும் ஒருவர் நாலு வார்த்தை எழுதித் தர முடியுமா என்று கேட்டது. நான் ஒப்புக்கொண்டேன். ஆனால் அன்பு, சேவை, தெய்வம் என்று தொடங்கிய முதல் வரைவை நானே கிழித்துப் போட்டேன். அந்தச் சொற்களை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். எனக்கு அந்த வார்டுச் செவிலியர்களிடம் இருப்பது குறிப்பான ஒரு கடன். அதைச் சொல்ல வேண்டுமானால் என்னுடைய மூன்று தவறுகளையும் கூடவே சொல்ல வேண்டும்.

போன ஆண்டு என் அம்மாவுக்கு எழுபத்தொரு வயதில் பக்கவாதம் வந்தது. இடது கையும் இடது காலும் அசையவில்லை. பேச்சு குழறியது. சிறுநீர் போவது தெரியவில்லை. உடன் பார்த்துக்கொள்ள என்னைத் தவிர யாரும் இல்லை. பதினாறு நாட்கள் வார்டில் இருந்தோம். அந்தப் பதினாறு நாளும் மருத்துவர் வரும் நேரத்தையும் ஸ்கேன் அறிக்கையையும் மாத்திரைப் பட்டியலையும் மட்டுமே நான் சிகிச்சை என்று நினைத்திருந்தேன். இடையில் செவிலியர்கள் வருவார்கள், அம்மாவை ஒரு பக்கமாகத் திருப்புவார்கள், தலையணையை எங்கோ செருகுவார்கள், துணியை விலக்கி இடுப்பைப் பார்ப்பார்கள், கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய அட்டையில் நேரத்தையும் ஓர் எழுத்தையும் குறிப்பார்கள், போய்விடுவார்கள். வலது, மல்லாக்க, இடது என்பதற்கு மூன்று எழுத்துகள். அட்டை முழுக்க அவை மாறி மாறி இருந்தன. படுக்கையை ஒழுங்குபடுத்துகிறார்கள் என்பதற்கு மேல் எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை.

முதல் தவறு ஐந்தாம் நாள் இரவு நடந்தது. இரண்டு மணிக்கு ஒரு செவிலியர் வந்து அம்மாவைத் திருப்பினார். அப்போதுதான் கண்ணயர்ந்திருந்த அம்மா முனகினாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ராத்திரியிலாவது நிம்மதியாகத் தூங்க விடுங்கள், சிஸ்டர்" என்று சற்றுக் குரலை உயர்த்தியே சொன்னேன். மறுநாள் வார்டு பொறுப்பாளரிடம் புகாரும் செய்தேன். பொறுப்புச் செவிலியருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அவர் கோபப்படவில்லை. "தூக்கம் கெட்டால் நாளைக்கு ஈடு கட்டிக்கொள்ளலாம், தம்பி. தோல் கெட்டால் முடியாது" என்று மட்டும் சொன்னார். அன்று இரவு பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு என்று அதே வேலை தொடர்ந்தது. முனகல் வராதபடி இன்னும் மெதுவாகச் செய்தார்கள், அவ்வளவுதான். எனக்கு அது பிடிவாதமாகத் தெரிந்தது.

இரண்டாம் தவறு இதைவிடப் பெரியது. டிஸ்சார்ஜ் ஆவதற்கு முந்தைய இரண்டு நாட்களில் அந்தப் பொறுப்புச் செவிலியர் மூன்று முறை என்னை அழைத்தார். "வந்து நின்று பாருங்கள், ஒரு முறை நீங்களே செய்யுங்கள், அரை மணி நேரம் போதும்" என்றார். முதல் முறை காப்பீட்டு அலுவலகத்துடன் பேசிக்கொண்டிருந்தேன். இரண்டாம் முறை மருந்துக் கடையில் நின்றேன். மூன்றாம் முறை வாசலிலேயே நின்று, "பார்த்திருக்கிறேன் சிஸ்டர், தெரியும்" என்றேன். அந்த அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தியதற்கு நான் கொடுத்த விலை நாலரை மாதங்கள், பதினொரு நாட்கள் மறுபடியும் மருத்துவமனை, சம்பளமில்லாத ஏழு வாரம், பிறகு என் மூன்று மாதச் சம்பளத்துக்குச் சமமான கடன். அம்மா பட்ட வலிக்குக் கணக்கில்லை. இதைப் படிப்பவர் வீட்டில் யாரேனும் படுக்கையோடு வார்டில் இருந்தால், டிஸ்சார்ஜ் தேதி தெரிந்தவுடன் பில்லுக்குப் போவதற்கு முன்னால் செவிலியரிடம் போய், "என்னைச் செய்ய விட்டு நீங்கள் பாருங்கள்" என்று கேளுங்கள். அவர்கள் செய்வதை நாம் பார்ப்பது ஒன்று, நாம் செய்வதை அவர்கள் பார்ப்பது வேறு. இரண்டாவதில்தான் நம் கை எங்கே தப்பாகப் போகிறது என்பது தெரியும்.

வீட்டுக்கு வந்து ஐந்தாம் நாள், உடம்பு துடைக்கும்போது வால் எலும்பின் மேல் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு நிறம் மாறியிருந்ததைப் பார்த்தேன். அம்மாவின் நிறத்துக்கு அது சிவப்பாகத் தெரியவில்லை, சுற்றியுள்ள தோலைவிடச் சற்றுக் கருத்து, ஊதாச் சாயலாக இருந்தது. வெப்பத்தினால் வந்தது என்று நினைத்தேன். இங்கேதான் மூன்றாம் தவறு. இரத்த ஓட்டம் வரட்டும் என்று எண்ணெய் விட்டு அழுத்தித் தேய்த்தேன். பவுடர் தூவினேன். யாரோ சொன்னதைக் கேட்டு நடுவில் ஓட்டை உள்ள ரப்பர் வளையம் வாங்கி இடுப்புக்கு அடியில் வைத்தேன். இவை மூன்றுமே அந்தப் புண்ணுக்கு நான் செய்த உதவி என்று பிறகு தெரிந்தது. ஏற்கெனவே அடிபட்டிருக்கும் திசுவைத் தேய்த்தால் உள்ளே உள்ள சிறு இரத்தக் குழாய்கள் இன்னும் சிதையும். பவுடர் ஈரத்தோடு கட்டியாகி மணல்போல் உரசும். வளையம் நடுப்பகுதியைத் தூக்கிப் பிடித்தாலும் சுற்று விளிம்பில் அழுத்தி, நடுவுக்குப் போகிற இரத்தத்தையே தடுக்கும்.

ஒன்பதாம் நாள் அந்த இடத்தில் தோல் உரிந்து ஈரமாக இருந்தது. பன்னிரண்டாம் நாள் நடுவில் கறுப்பாக, தோல்பட்டைபோல் காய்ந்த ஒரு மூடி. அறைக்குள் நுழையும்போதே வாடை. அம்மாவுக்கு லேசான காய்ச்சல். பதின்மூன்றாம் நாள் காலையில் ஆம்புலன்ஸில் அதே வார்டுக்குத் திரும்பினோம். பொறுப்புச் செவிலியர் துணியை விலக்கிப் பார்த்தார். என்னைத் திட்டுவார் என்று தலையைக் குனிந்து நின்றேன். அவர் காகித அளவுகோலை எடுத்து நீளம், அகலம் பார்த்து எழுதிக்கொண்டார். ஐந்து சென்டிமீட்டர், நான்கு சென்டிமீட்டர். "ஆழம் இப்போது சொல்ல முடியாது, அந்தக் கறுப்பு மூடியை எடுத்தால்தான் தெரியும்" என்றார். அறுவை மருத்துவர் இறந்த திசுவை வெட்டி எடுத்த பிறகு ஒன்றரை சென்டிமீட்டர் ஆழம் இருந்தது. உள்ளே மஞ்சளாகக் கொழுப்பு தெரிந்தது. படுக்கைப்புண்ணை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறார்கள். தோல் கிழியாமல் நிறம் மட்டும் மாறியிருப்பது முதல் நிலை, மேல் தோல் உரிவதோ கொப்புளமாவதோ இரண்டாவது, கொழுப்பு தெரியுமளவுக்கு ஆழமாவது மூன்றாவது, தசையோ எலும்போ தெரிவது நான்காவது. அம்மாவுடையது மூன்றாவது. முதல் நிலையில் நான் பார்த்தபோது நிறுத்தியிருக்கலாம்.

அன்று மாலை அவர் என்னை உட்கார வைத்து ஒரு தாளைக் காட்டினார். அம்மா முதல் முறை சேர்ந்த அன்று அவர்கள் நிரப்பிய தாள். பிரேடன் அளவுகோல் என்று அதற்குப் பெயர். ஆறு கேள்விகள்: வலியையும் அழுத்தத்தையும் உணர்கிறாரா, தோல் எவ்வளவு ஈரமாக இருக்கிறது, எழுந்து நடமாடுகிறாரா, படுக்கையில் தானாக நிலை மாறுகிறாரா, சாப்பாடு எப்படி, உடம்பு படுக்கையில் உரசிச் சரிகிறதா. கடைசிக் கேள்விக்கு மூன்று வரையும் மற்றவற்றுக்கு நான்கு வரையும் மதிப்பெண். முழுக்க நன்றாக இருப்பவருக்கு 23 வரும். 18 அல்லது அதற்குக் கீழே வந்தால் புண் வரும் ஆபத்து உண்டு என்று கொள்கிறார்கள். அம்மாவுக்கு உணர்வுக்கு மூன்று, ஈரத்துக்கு இரண்டு, நடமாட்டத்துக்கு ஒன்று, நிலை மாற்றத்துக்கு இரண்டு, உணவுக்கு இரண்டு, உரசலுக்கு ஒன்று. கூட்டினால் பதினொன்று. சேர்ந்த முதல் நாளே, நான் ஸ்கேன் அறைக்கு வெளியே நின்றிருந்தபோதே, இந்த உடம்பில் புண் வரும் என்று அவர்கள் கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். பதினாறு நாள் வராமல் பார்த்துக்கொண்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை என்பதனால் அவர்கள் ஒன்றும் செய்யவில்லை என்று நான் நினைத்தேன். வீட்டில் அதே உடம்பு ஐந்து நாள் தாங்கியது.

ஏன் என்பதை அவர் சொன்ன விதம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. என் கட்டைவிரலை மேசையில் அழுத்தச் சொன்னார். நகம் வெளுத்தது. "இரத்தம் விலகிப்போயிற்று. எடுத்தால் திரும்பி வருகிறது. உங்கள் அம்மாவின் வால் எலும்பு இப்படித்தான் மெத்தையை அழுத்துகிறது. நாம் தூக்கத்திலும் புரண்டு கொடுக்கிறோம், அவரால் முடியாது." எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே நசுங்கும் சதைக்கு இரத்தம் போகாமல் மணிக்கணக்கானால் அது உள்ளேயே சாகத் தொடங்கும். சேதம் எலும்பை ஒட்டிய ஆழத்தில் தொடங்கலாம் என்பதால், மேலே தோலில் அடையாளம் தெரியும்போது உள்ளே நிறையவே போயிருக்கக்கூடும். வால் எலும்பு, இரண்டு குதிகால், இடுப்பின் இரு பக்க எலும்பு, முழங்கை, தலையின் பின்பக்கம், ஒருக்களித்துப் படுத்தால் காது. இவைதான் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டிய இடங்கள்.

பார்ப்பது என்றால் கண்ணால் மட்டும் பார்ப்பது போதாது. நிறம் மாறிய இடத்தில் விரலால் சில நொடி அழுத்தி எடுக்க வேண்டும். வெளுத்து, பிறகு நிறம் திரும்பினால் இரத்த ஓட்டம் இருக்கிறது, அந்தப் பக்கம் படுக்க வைக்காமல் விட்டால் சரியாகிவிடும். அழுத்தியும் வெளுக்கவில்லை என்றால் அது முதல் நிலைப் புண். ஆனால் நம்மில் பலருடைய கருத்த தோலில் இந்தச் சோதனை தெளிவாகத் தெரியாது. ஆகவே செவிலியர்கள் புறங்கையை வைத்துப் பார்க்கிறார்கள். அந்த இடம் பக்கத்துத் தோலைவிடச் சூடாகவோ குளிர்ந்தோ இருக்கிறதா, கட்டியாகவோ சொதசொதவென்றோ இருக்கிறதா, தொட்டால் முகம் சுளிக்கிறாரா என்பதைக் கவனிக்கிறார்கள். வார்டில் இரவு இரண்டு மணிக்கு ஒரு செவிலியர் அம்மாவின் இடுப்பில் புறங்கையை வைத்து நின்றது, அவர் தூக்கக் கலக்கத்தில் செய்த அசைவு என்று நான் எண்ணியிருந்தேன்.

அடுத்த பதினொரு நாட்கள் நான் அவர்களோடு நின்று கற்றுக்கொண்டேன். திருப்புவது என்பது ஒருவரை உருட்டிவிடுவது அன்று. முதலில் கட்டிலின் தலைப்பகுதியைத் தட்டையாக்க வேண்டும். தோளிலிருந்து தொடை வரை வருமாறு குறுக்கே ஒரு துணி விரித்திருப்பார்கள். இருவர் இரு பக்கம் நின்று அந்தத் துணியைச் சுருட்டிப் பிடித்து, ஒரே நேரத்தில் தூக்கி, எந்தப் பக்கம் திருப்பப் போகிறோமோ அதற்கு எதிர் ஓரத்துக்கு நகர்த்துவார்கள். தூக்குவதுதான் முக்கியம், இழுக்கக் கூடாது. நான் வீட்டில் தனியாக அக்குளைப் பிடித்து மேலே இழுத்துக்கொண்டிருந்தேன். இழுக்கும்போது தோல் விரிப்போடு ஒட்டி நிற்கும், எலும்பு மட்டும் உள்ளே நகரும், நடுவிலிருக்கும் குழாய்கள் முறுக்கிக்கொள்ளும். பக்கவாதம் வந்த கையைப் பிடித்து இழுத்தால் தோள் மூட்டே நழுவிவிடும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. எனக்கு அவர்கள் கொடுத்த முதல் எச்சரிக்கையும் அதுதான்.

நகர்த்திய பின், அப்பாலுள்ள முழங்காலை மடக்கி, கையை மார்பின் மேல் வைத்து, தோளிலும் இடுப்பிலும் கை கொடுத்துத் தம் பக்கமாகச் சாய்ப்பார்கள். முழுக்க ஒருக்களிக்க விடமாட்டார்கள். அப்படி விட்டால் எடை முழுவதும் இடுப்பின் பக்க எலும்பில் இறங்கிவிடும். முதுகுக்குப் பின்னால் தலையணையை அணைத்து, ஏறத்தாழ 30 டிகிரி சாய்வில் நிறுத்துவார்கள். பிறகு நான் அதுவரை கவனித்தே இராத ஒன்றைச் செய்வார்கள். உள்ளங்கையை வால் எலும்புக்கு அடியில் நுழைத்துப் பார்ப்பார்கள். கை தாராளமாகப் போனால் அந்த இடம் மெத்தையைத் தொடவில்லை என்று பொருள். கை சிக்கினால் தலையணையை மறுபடி வைப்பார்கள். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை, கெண்டைக்கால் முழுவதற்கும் அடியில் ஒன்று. குதிகால் அந்தரத்தில் நிற்க வேண்டும், அதற்கு அடியில் ஒரு காகிதத்தை விட்டால் தடையில்லாமல் போக வேண்டும். கடைசியாக விரிப்பின் சுருக்கத்தை நீவி, சிறுநீர்க் குழாய் தொடைக்கு அடியில் மாட்டியிருக்கிறதா என்று பார்த்து, அட்டையில் நேரம் எழுதுவார்கள். கைப்பழக்கம் உள்ள இருவருக்கு நான்கு நிமிடம் ஆகிறது. எனக்கு முதல் நாள் இருபது நிமிடம் ஆயிற்று, அதிலும் குதிகாலை மறந்துவிட்டேன். அந்த வார்டில் அன்று படுத்த படுக்கையாக ஒன்பது பேர் இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, நாளொன்றுக்குப் பன்னிரண்டு முறை என்று கணக்குப் போட்டால் நூற்றெட்டு வருகிறது. இது ஊசி, மாத்திரை, டிரிப்ஸ், இரத்த அழுத்தம் பார்ப்பது போக.

தலைப்பகுதியை உயர்த்தி வைப்பது பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனெனில் நான் வீட்டில் அதில்தான் அதிகம் கெடுத்தேன் என்று நினைக்கிறேன். தொலைக்காட்சி பார்க்க வசதியாக அம்மாவை நாள் முழுக்கச் சாய்ந்து உட்கார்ந்த நிலையில் வைத்திருந்தேன். உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே சரியும், நான் இழுத்து மேலேற்றுவேன், மறுபடி சரியும். அந்தச் சரிவு ஒவ்வொன்றும் வால் எலும்பின் மேலுள்ள திசுவைக் கிழிக்கும் வேலை. சாப்பிடும்போதும் அதற்குப் பின் அரை மணி நேரம் அளவுக்கும், புரையேறாமல் இருக்க நன்றாக உயர்த்தித்தான் ஆக வேண்டும். மற்ற நேரங்களில், மருத்துவர் வேறு விதமாகச் சொல்லாத வரை, 30 டிகிரிக்கு மேல் வேண்டாம் என்றார்கள். உயர்த்துவதற்கு முன் முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தோ கட்டிலின் கால்பகுதியை மடக்கியோ விட்டால் சரிவது குறையும். தலையை முதலில் தூக்கிவிட்டுக் காலைப் பிறகு மடக்கினால் அதற்குள் பாதி சரிந்திருக்கும். இந்த வரிசை மாறியதை ஓர் இளம் செவிலியர் வாசலிலிருந்தே பார்த்துவிட்டு, "சார், முதலில் கால்" என்று சொல்லிக்கொண்டே கடந்து போனார்.

ஈரம் இன்னொரு பாதி. டயாப்பர் நிறைந்தால் மாற்றுவது என்று நான் வைத்திருந்தேன். அவர்கள் ஒவ்வொரு முறை திருப்பும்போதும் பார்த்தார்கள். நனைந்த தோல் ஊறி வலுவிழக்கிறது. மலம் பட்டால் இன்னும் வேகமாக அரிக்கும். மெல்லிய சோப்புக் கரைசலால் தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, ஈரத்தை உறிஞ்ச விட்டு, துத்தநாக ஆக்சைடு கலந்த பாதுகாப்புக் களிம்பை மெல்லப் பூசினார்கள். அடுத்த முறை அந்தக் களிம்பையே முழுக்கச் சுரண்டி எடுக்கவில்லை, அழுக்கானதை மட்டும் எடுத்துவிட்டு மேலே பூசினார்கள். சுரண்டினால் தோலும் வரும்.

காற்று மெத்தையை நான் முதல் வாரமே வாங்கியிருந்தேன் என்பதைச் சொன்னால் சிரிப்பீர்கள். அதை வாங்கியதால்தான் திருப்ப வேண்டியதில்லை என்று தைரியமாக இருந்தேன். காற்று மெத்தை அழுத்தத்தை மாற்றிக் கொடுக்கும், திருப்புவதற்கு மாற்றாகாது. அதுவும் அம்மாவின் எடைக்கு ஏற்ப பம்பின் அளவைத் திருகி வைக்காமல், வாங்கி வந்தபடியே ஓடவிட்டிருந்தேன். செவிலியர் சொல்லிக் கொடுத்த சோதனை எளிமையானது. அம்மா படுத்திருக்கும்போதே இடுப்புக்கு நேராக மெத்தைக்கு அடியில் உள்ளங்கையை மேல் நோக்கி நுழைக்க வேண்டும். இரண்டு, மூன்று சென்டிமீட்டர் அளவுக்காவது காற்று நடுவில் இருப்பது தெரிய வேண்டும். எலும்பு நேராகக் கையில் இடித்தால் மெத்தை தரையைத் தட்டுகிறது, அது இருந்தும் இல்லாததுபோல்தான். அதன் மேல் நான் மென்மைக்காக விரித்திருந்த இரண்டு போர்வைகளையும் எடுத்துவிடச் சொன்னார்கள்.

புண்ணைப் பொறுத்தவரை என்னால் செய்ய முடிந்தது குறைவு, செய்யாமல் இருக்க வேண்டியது அதிகம். ஸ்பிரிட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் நுரை கிளப்பிச் சுத்தம் செய்வதுபோல் தோன்றினாலும் புதிதாக முளைக்கும் திசுவையும் சேர்த்து எரித்துவிடும். நார்மல் சலைனால் கழுவி, மருத்துவர் எழுதிக் கொடுத்த டிரெஸ்ஸிங்கை உள்ளே திணிக்காமல் தளர்வாக நிரப்பி மூட வேண்டும். வாரத்துக்கு ஒரு முறை அதே நிலையில் படுக்க வைத்து, நீள அகல ஆழத்தை அளந்து குறிக்க வேண்டும். நாள்தோறும் பார்த்தால் எதுவும் மாறாததுபோல் மனம் உடைந்துவிடும். வாடை கூடினால், சீழ் வந்தால், சுற்றிலும் வீங்கிச் சூடானால், காய்ச்சல் அடித்தால் அடுத்த வாரம் வரை காத்திருக்கக் கூடாது. சாப்பாட்டில் புரதத்தைக் கூட்டச் சொன்னார் உணவியலாளர். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரை கிராம் என்பது கணக்கு. ஐம்பது கிலோ எடையுள்ள அம்மாவுக்கு அது 62 முதல் 75 கிராம். அம்மாவுக்குச் சிறுநீரகம் நன்றாக இருந்ததால் அந்த அளவு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இதை மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது என்று அவரே சொன்னார்.

இரண்டாம் முறை வீடு திரும்பியபோது வார்டில் பார்த்த அட்டையைப் போலவே ஒன்றைக் கையால் கோடு போட்டு அம்மாவின் கட்டிலில் மாட்டினேன். இரவுக்கு அலாரம் வைத்தேன். முதல் மூன்று வாரம் பைத்தியம் பிடித்ததுபோல் இருந்தது. ஒரு நாள் அதிகாலை நான்கு மணி அலாரத்தை அணைத்துவிட்டு ஏழு மணிக்கு விழித்தேன். ஓடிப் போய்ப் பார்த்தால் குதிகாலில் நிறம் மாறியிருந்தது. விரலால் அழுத்தினேன், வெளுத்துத் திரும்பியது. தரையில் உட்கார்ந்து அழுதேன். அதன் பிறகு இரவுக்கு மட்டும் ஓர் உதவியாளரை அமர்த்தினேன். கடன் பெருகியது அதனால்தான், ஆனால் அதற்கு நான் வருந்தவில்லை. தனியாளாக இருபத்து நான்கு மணி நேரமும் செய்துவிடலாம் என்று யாரும் திட்டமிட வேண்டாம். வார்டில் அதை மூன்று டியூட்டியாகப் பிரித்துத்தான் செய்கிறார்கள், டியூட்டி மாறும்போது ஒருவர் மற்றவரைக் கட்டில்வரை கூட்டிப்போய்த் தோலைக் காட்டித்தான் ஒப்படைக்கிறார்கள். நானும் உதவியாளரும் காலை ஆறு மணிக்கு அதையே செய்யத் தொடங்கினோம். சொல்லி ஒப்படைப்பதற்கும் காட்டி ஒப்படைப்பதற்கும் உள்ள வேறுபாடு முதல் வாரத்திலேயே தெரிந்தது.

ஆறாம் வாரம் அடியில் சிவந்த மணிமணியான புதுச்சதை நிரம்பியது. மூன்றாம் மாதம் ஆழம் இல்லை, இரண்டு சென்டிமீட்டர் அகலத்துக்குத் திறந்த இடம் மட்டும். நாலரை மாதத்தில் மூடியது. அங்கே இப்போது பளபளப்பான ஒரு தழும்பு இருக்கிறது. தழும்பு பழைய தோலின் வலுவைப் பெறுவதில்லை என்பதால் அந்த இடத்தை இன்றும் நாள்தோறும் பார்க்கிறேன்.

இதையெல்லாம் எழுதி, மே 12-க்கு இரண்டு நாள் முன்பு, பொறுப்புச் செவிலியரிடம் முதலில் காட்டினேன். அவரைப் பாராட்டி நான் எழுதியிருந்த பத்தியைத் தாண்டிப் போய்விட்டார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பேனாவை எடுத்தார். "இரண்டு மணி நேரம் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறீர்கள். படிக்கிறவர் அதையே சட்டமாக எடுத்துக்கொள்வார். தோல் தாங்கவில்லை என்றால் இரண்டு மணி நேரமும் அதிகம். நல்ல மெத்தையில், தோல் நன்றாக இருந்தால் மூன்று மணி, நான்கு மணிக்கு ஒரு முறைகூடப் போகலாம், உங்கள் அம்மாவுக்கே கடைசியில் மூன்று மணிக்கு ஒரு முறைதானே சொன்னோம்? திருப்பும்போது தோலைப் பாருங்கள், அடுத்த நேரத்தை அதுதான் சொல்லும் என்று எழுதுங்கள். அப்புறம், நாற்காலியில் உட்கார வைப்பதைப் பற்றி ஒன்றுமே இல்லையே. படுக்கையைவிட நாற்காலியில்தான் அழுத்தம் கூடுதல். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒரே நிலையில் உட்கார வைக்கக் கூடாது, நடுவில் முன்னால் சாய்த்தோ பக்கவாட்டில் சாய்த்தோ எடையை மாற்றிக் கொடுக்க வேண்டும். அதையும் சேர்த்துவிடுங்கள், தம்பி" என்றார். சேர்த்துவிட்டேன்.